'25 வருஷ வாரண்டி, தினம் 15 யூனிட்': ஒரு சோலார் கொட்டேஷனும் பெண்ணாடத்திலிருந்து போன மெயிலும்

மொட்டை மாடியில் டேப்பை இழுத்துப் பிடித்து அளந்துகொண்டிருந்தார் இளைஞர். ஒரு முனையைப் பிடித்திருந்தவர் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டு வேப்பமரம் எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு, "சூப்பர் எடம் சார். தெக்கு பாத்து வைச்சா தினம் 15 யூனிட் அடிக்கும்" என்றார் இளைஞர். கீழே இறங்கி காபி குடித்து முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்துவிட்டது. ஒரே பக்கம், ஆறு வரி. அடியில் தடித்த எழுத்தில்: 'மானியம் போக உங்கள் கைச்செலவு 1,21,150 மட்டும். 25 வருட வாரண்டி.'

இது பெண்ணாடத்தில், 2025 தீபாவளி முடிந்த வாரம் நடந்தது. இதே ஆறு வரி கொட்டேஷன் இன்று திட்டக்குடி, விருத்தாசலம், சிதம்பரம், கடலூர் என்று மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்ற செய்தி ஊர் ஊராகப் பரவிய பிறகு, மாடி வைத்திருக்கிற எல்லோருக்கும் கணக்குப் போட ஆசை வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலோர் பார்ப்பது அந்தக் கடைசி வரியை மட்டும்தான்.

ஆசிரியர் அன்று இரவு ஒரு மெயில் எழுதினார். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு அதை நமக்குக் காட்டினார். அதன் முக்கியப் பகுதி இது:

> அன்புள்ள தம்பிக்கு,
>
> வணக்கம். கொட்டேஷன் கிடைத்தது. விலை குறைக்கச் சொல்லி எழுதவில்லை. மூன்று விஷயம் விளங்க வேண்டும்.
>
> ஒன்று: 'பேனல் 540 வாட், 6 எண்கள்', 'ஜிஐ ஸ்ட்ரக்சர் 1 செட்', 'எர்த்திங், கேபிள் 1 செட்' என்று இருக்கிறது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை எர்த் குழி என்று ஒவ்வொரு வரியையும் பிரித்து எழுதித் தர வேண்டும். ஜிஎஸ்டி 13.8 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள். அது எப்படி வந்தது?
>
> இரண்டு: 25 வருட வாரண்டி எதற்கு? பேனலுக்கா, இன்வெர்ட்டருக்கா, உங்கள் வேலைக்கா? பழுதானால் யார் வருவார்கள், எத்தனை நாளில்?
>
> மூன்று: தினம் 15 யூனிட் என்றீர்கள். வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுத்தில் வேண்டும். அதோடு, என் ஒரு வருஷ ஈபி பில்லை இணைத்திருக்கிறேன். எனக்கு 3 கிலோவாட் தேவைதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் வர நான்கு நாள் ஆனது. வந்த பதிலில் கொட்டேஷனே மாறியிருந்தது. எது எது மாறியது, ஏன் மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆறு வரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது?

முதலில் எளிதான வரி: ஜிஎஸ்டி. சோலார் அமைப்பை நிறுவித் தரும் வேலையில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்து வரி போடுவது சட்டம். பொருளுக்கு 12 சதவீதம், சேவைக்கு 18 சதவீதம் என்று இருந்தபோது மொத்தத்தில் 13.8 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இப்போது கணக்குப்படி 8.9 சதவீதம்தான் வர வேண்டும். இளைஞர் பழைய படிவத்தையே பயன்படுத்தியிருந்தார். அடிப்படை விலை 1,75,000 ரூபாய்க்கு 24,150 ரூபாயாக இருந்த வரி 15,575 ரூபாயாக இறங்கியது. ஒரே ஒரு கேள்விக்கு 8,575 ரூபாய். புதிய மொத்தம் 1,90,575. மானியம் போக 1,12,575.

அடுத்தது பேனல். மானியம் வேண்டுமென்றால் பேனலும், அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இதைத் தொழிலில் இருப்பவர்கள் 'டிசிஆர் பேனல்' என்பார்கள். இறக்குமதி செல்லை வைத்து இங்கே பொருத்திய 'நான் டிசிஆர்' பேனல் விலை குறைவு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விலை குறைந்த கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவரிடம் பேரம் பேசுகிறவர்கள் முதலில் இந்த மூன்று எழுத்து அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் சீரியல் எண் உண்டு. அந்த எண்கள் டிசிஆர் சான்றிதழிலும், pmsuryaghar.gov.in தளத்தில் ஏற்றப்படும் விவரத்திலும், மாடியில் உள்ள பேனலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பேனலை ஸ்ட்ரக்சரில் மாட்டிவிட்டால் பின்பக்க ஸ்டிக்கரைப் படிப்பது கஷ்டம். வண்டியிலிருந்து இறக்கும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

மானியத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பேனல்களின் மொத்த வாட், இன்வெர்ட்டரின் வாட் இரண்டில் எது குறைவோ அதுதான் அமைப்பின் அளவாகக் கொள்ளப்படும். ஆறு பேனல் 540 வாட் என்றால் 3,240 வாட். இன்வெர்ட்டர் 3 கிலோவாட். ஆக 3 கிலோவாட்டுக்கான முழு மானியம். ஐந்தே பேனல் போட்டு '3 கிலோவாட்' என்று பேசினால் உண்மையில் அது 2.7 கிலோவாட்தான், மானியமும் 72,600 ரூபாய்தான். கொட்டேஷனில் பேனலின் எண்ணிக்கையை வாட்டால் பெருக்கிப் பாருங்கள்.

> பெட்டி: மானியம் எப்படி வருகிறது?
>
> முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000 ரூபாய்தான் உச்சம்.
>
> இந்தத் தொகை ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. முதல் 2 கிலோவாட்டுக்கு அடிப்படை விலை கிலோவாட்டுக்கு 50,000 என்று வைத்து அதில் 60 சதவீதமும், அடுத்த கிலோவாட்டுக்கு 45,000 என்று வைத்து அதில் 40 சதவீதமும் தருகிறார்கள்.
>
> பணம் வருவது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு. அதுவும் மீட்டர் மாட்டி, அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு. அதுவரை முழுத் தொகையும் நம் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான் போக வேண்டும். 'கைச்செலவு' என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தானே கற்றுத் தந்த பாடம்

'ஜிஐ ஸ்ட்ரக்சர் 1 செட்.' கொட்டேஷனில் மிகச் சிறிய வரி இதுதான். கடலூர் மாவட்டத்தில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய வரியும் இதுதான்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டி பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் மறுபடி புதுச்சேரி பக்கமே வந்தது. கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி கடலூர் கடற்கரைப் பட்டைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 150 கிலோ எடையளவுக்கு அழுத்தும். ஆறு பேனலின் பரப்பு 15 சதுர மீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. ஆறு பேனலின் சொந்த எடையோ சுமார் 170 கிலோதான். ஆக, பேனலைப் பிடித்து நிறுத்துவது அதன் கனம் அல்ல. தளத்தில் இறங்கிய போல்ட்டும் காலில் ஊற்றிய கான்கிரீட்டும்தான்.

பெண்ணாடம் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. காற்று கொஞ்சம் தளரும். ஆனால் சாய்த்து வைத்த பேனலுக்கு அடியில் புகும் காற்று மேல்நோக்கித் தூக்கும். மாடியில் துணி காயப் போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் கேட்பவர்கள், உயரம் கூடக் கூட அந்தத் தூக்கல் காலில் எவ்வளவு பெரிய நெம்புவிசையாக இறங்குகிறது என்பதை யோசிப்பதில்லை. திருத்திய கொட்டேஷனில் இந்த வரி இப்படி வந்தது: உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஸ்டீல், துத்தநாகப் பூச்சு 80 மைக்ரான், ஸ்டெயின்லெஸ் போல்ட், ஒவ்வொரு காலுக்கும் கான்கிரீட் பீடம், எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது என்ற எண். இதே வரியில் மெல்லிய தகடும் சாதாரணப் போல்ட்டும் போட்டால் சில ஆயிரம் மிச்சமாகும். முதலில் துரு பிடிப்பது வெட்டிய முனையிலும் துளை போட்ட இடத்திலும்தான். ஆகவே மாடியில் வந்து வெட்டித் துளைக்கிறார்களா, தொழிற்சாலையிலேயே துளையிட்டுப் பூச்சு கொடுத்து வருகிறதா என்றும் கேட்டார் ஆசிரியர். "அதெல்லாம் யாரும் கேட்டதில்ல சார்" என்றாராம் இளைஞர். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எர்த்திங் வரியும் பிரிந்தது. மூன்று குழிகள்: பேனல் பக்கம் ஒன்று, இன்வெர்ட்டர் பக்கம் ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. இடிதாங்கியின் குழியை மற்றதோடு சேர்த்து ஒரே குழியாக முடிப்பதுதான் செலவு குறைக்க வழக்கமாகச் செய்யும் வேலை. மாடியில் இடி இறங்கினால் அந்த மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்குள் வரும் பாதை அதுதான்.

25 வருடம் யாருடைய வாக்கு?

ஒரே சொல்லாக எழுதியிருந்த 'வாரண்டி' உண்மையில் நான்கு வெவ்வேறு வாக்குறுதிகள். தருபவர்களும் வேறு வேறு.

பேனலில் உற்பத்திக் குறை இருந்தால் மாற்றித் தருவது ஒன்று. கண்ணாடிக்குள் ஈரம் புகுவது, பின்பக்க ஷீட் வெடிப்பது, ஜங்ஷன் பாக்ஸ் கருகுவது எல்லாம் இதில் வரும். இது பெரும்பாலும் 10 அல்லது 12 வருடம். 25 வருடம் என்பது இதற்கு அல்ல, உற்பத்தித் திறனுக்கு. 25-ஆவது வருட முடிவில் பேனல் தன் ஆரம்பத் திறனில் 80 சதவீதமாவது தரும் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதி அது. மூன்றாவது, இன்வெர்ட்டர்: 5 முதல் 10 வருடம், கம்பெனிக்கு ஏற்ப. நான்காவது, நிறுவியவரின் வேலை. மானியத் திட்டத்தில் சேரும் நிறுவனம் 5 வருடம் பராமரித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. 'ஏஎம்சி தனி' என்று யாராவது அந்த 5 வருடத்துக்குள் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் மக்கள் அதிகம் நம்பி, கடைசியில் ஏமாறுவது 25 வருட உறுதியைத்தான். காரணம் அதை அளக்கும் முறை. பேனலில் '540 வாட்' என்று அச்சிட்டிருப்பது ஆய்வுக்கூடத்தில், ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சத்தில், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மதியம் பெண்ணாடம் மாடியில் செல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் திறன் குறையும். 35 டிகிரி கூடினால் 12 சதவீதம் போய்விடும். 540 வாட் பேனல் புத்தம் புதிதாக இருக்கும்போதே 475 வாட்தான் கொடுக்கும். இது பழுதல்ல, பொருளின் இயல்பு. ஆப்பில் 2.7 கிலோவாட்டைத் தாண்டவில்லையே என்று வாரண்டியில் புகார் கொடுத்தால் தயாரிப்பாளர் ஏற்க மாட்டார். பேனலைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். கழற்றும் கூலி யார் தருவது, லாரி வாடகை யார் தருவது, சோதனைக் கட்டணம் யார் தருவது என்பதை வாரண்டிச் சீட்டின் சிறிய எழுத்துகள் சொல்லும். பெரும்பாலும் அது வீட்டுக்காரர்தான்.

ஆசிரியர் இங்கே கேட்டுப் பெற்ற திருத்தம் நடைமுறைக்கு உதவுவது: இன்வெர்ட்டர் நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் ஆள் வர வேண்டும், பத்து நாளுக்குள் சரியாகாவிட்டால் மாற்று இன்வெர்ட்டர் வைத்துத் தர வேண்டும். ஏப்ரலில் 20 நாள் இன்வெர்ட்டர் சர்வீஸ் சென்டரில் கிடந்தால் 280 யூனிட் வரை போகும். 25 வருட உறுதியைவிட இந்த இரண்டு வரிதான் அன்றாட வாழ்க்கையில் வேலைக்கு வரும்.

வாரண்டி செல்லாமல் போகும் காரணங்களையும் அவர் எழுதி வாங்கினார். பேனல் மேல் ஏறி நடப்பது முதல் காரணம்; கண்ணாடி உடையாது, உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். உப்பு கலந்த போர் தண்ணீரால் கழுவிக் காயவிடுவது இரண்டாவது; வெள்ளைப் படலம் படிந்து பிறகு எதற்கும் போகாது. அதிகாலையில், பேனல் சூடாவதற்கு முன், நல்ல தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

> பெட்டி: கரண்ட் போனால் சோலாரும் போகும்
>
> பேட்டரி இல்லாத இணைப்பில், ஈபி மின்சாரம் நின்ற நொடியே இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம் ஆபத்தாகக் கூடாது என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.
>
> லைன் வோல்டேஜ் அளவுக்கு மேல் ஏறினாலும் நிற்கும். நண்பகலில் ஆப்பின் வரைபடம் மலைபோல் வளைந்து வராமல் ரம்பப் பல்போல் ஏறி இறங்கினால் காரணம் பெரும்பாலும் பேனலில் இல்லை, லைனில்தான் இருக்கும். இதற்கு எந்த வாரண்டியும் கிடையாது; பிரிவு அலுவலகத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தினம் 15 யூனிட் வருமா?

கிலோவாட்டுக்கு 5 யூனிட், 3 கிலோவாட்டுக்கு 15, வருடத்துக்கு 5,475. விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. வெயில் நன்றாக அடித்த மார்ச் நாளில் 15-ஐத் தொடவும் செய்யும். ஆனால் வருடம் என்பது 365 மார்ச் நாள் அல்ல.

சரியான கணக்கு இப்படிப் போக வேண்டும். இந்தப் பகுதியில் ஒரு சதுர மீட்டர் சமதளத்தில் விழும் சூரிய ஆற்றல் நாளுக்குச் சராசரியாக 5.3 யூனிட் அளவு. வருடத்துக்கு 1,934. அதைப் பேனலின் 3.24 கிலோவாட்டால் பெருக்கினால் 6,266. இது எந்த இழப்பும் இல்லாத கற்பனை எண். சூடு, தூசி, கேபிள், இன்வெர்ட்டர் எல்லாம் தின்றது போக மிஞ்சும் விகிதம் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதுதான் மானியத் திட்டம் நிறுவுபவரிடம் எதிர்பார்க்கும் அளவு. ஆக 4,700. மேகம் கூடிய வருடம், பேனலின் வயது, வேப்பமரம் கார்த்திகை மாதத்தில் காலை ஒன்பது மணி வரை போடும் நிழல் ஆகியவற்றைக் கழித்து, 'வருடத்துக்கு 4,400 யூனிட்டுக்குக் குறையாது' என்று எழுதித் தந்தார் இளைஞர். 5,475 எங்கே, 4,400 எங்கே!

இந்த 4,400 வருடம் முழுவதும் சமமாகப் பிரியாது. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தில் 840 யூனிட் வரை போகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி அடைமழையில் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் சேர்ந்து 600 வந்தால் பெரிது. மழைக்காலத்தில் வாங்கியவர்கள் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்பதும், கோடையில் வாங்கியவர்கள் 'அருமை' என்பதும் இதனால்தான்.

கூடுதல் கவனம் வேண்டிய இன்னொன்று தூசி. அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம், கரும்புச் சோகை கொளுத்தும் வயலோரம் என்றால் படிமம் வேகமாகச் சேரும். கழுவிய மறுநாள் யூனிட்டையும் கழுவுவதற்கு முந்தைய நாள் யூனிட்டையும் ஒரே மாதிரி வெயில் நாளில் ஒப்பிட்டுப் பார்த்தால் நம் மாடிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது கிலோவாட் யாருக்கு?

மெயிலில் இருந்த மிகப் பெரிய கேள்வி கடைசி வரிதான்: எனக்கு 3 கிலோவாட் தேவைதானா? இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. மானியம் 3 கிலோவாட்டில் உச்சம் தொடுவதால் எல்லோருக்கும் 3 என்று ஊரே முடிவு செய்துவிட்டது. தமிழ்நாட்டு மின்கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் படம் வேறு.

நம் ஊரில் யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு படிப்படியாக ஏறும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். 2024 ஜூலைக் கட்டணத்தின்படி, 800 யூனிட் செலவழிக்கும் ஆசிரியர் வீட்டின் இரண்டு மாத பில் 4,770 ரூபாய். சோலார் உற்பத்தி பில்லின் அடியிலிருந்து கழியாது, உச்சியிலிருந்து கழியும். முதலில் போவது 9.45 ரூபாய் யூனிட்.

ஒரு கிலோவாட் இரண்டு மாதத்தில் சராசரியாக 245 யூனிட் தரும் என்று வைப்போம். ஒரே ஒரு கிலோவாட் போட்டால் நிகரச் செலவு 555 யூனிட்டாகி, பில் சுமார் 2,502 ரூபாயாக இறங்கும். மிச்சம் 2,268. இரண்டாவது கிலோவாட் நிகரத்தை 310-க்குக் கொண்டுபோகும். 500-க்குக் கீழே வந்துவிட்டதால் 100 முதல் 200 வரை 2.35, அதற்கு மேல் 4.70 என்ற குறைந்த விலை பொருந்தி, பில் 752 ரூபாய். மிச்சம் இன்னொரு 1,750. மூன்றாவது கிலோவாட் நிகரத்தை 65-க்குக் கொண்டுபோய் பில்லைப் பூஜ்யமாக்கும். ஆனால் அது மிச்சப்படுத்துவது வெறும் 752 ரூபாய். முதல் கிலோவாட் உழைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆசிரியர் 2 கிலோவாட்டுக்கும் விலை கேட்டு வாங்கினார். வரியோடு 1,35,000, மானியம் 60,000 போக 75,000. வருடத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 24,100 ரூபாய். போட்ட பணம் மூன்று வருடத்தில் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்காகக் கூடுதலாகப் போட வேண்டியது 37,575. அது வருடத்துக்குத் தருவது 4,500 ரூபாய். அந்தத் துண்டுப் பணம் மட்டும் திரும்ப எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். நஷ்டமில்லை, ஆனால் அவசரமும் இல்லை. மாடியில் இன்னொரு அறை கட்டி ஏசி போடப் போகிறவர்களுக்கும், மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கும் மூன்றாவது கிலோவாட் பொருந்தும். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, இரண்டு பேர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

தேவைக்கு மேல் உற்பத்தியானால் 'ஈபிக்கு விற்கலாம்' என்பார்கள். வீட்டு இணைப்பில் மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்குப் போய்க் கழியும். வருடக் கணக்கு முடிவில் அப்படியும் மிஞ்சி நிற்பதற்கு, நாம் கட்டும் 9.45 ரூபாய் கிடைக்காது. அதைவிட வெகு குறைவாகத்தான் கிடைக்கும். விற்கும் எண்ணத்தில் பெரிதாகப் போடக் கூடாது. இரட்டைவழி மீட்டருக்கான தொகை, இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணம் உண்டா என்பதையும் பிரிவு அலுவலகத்தில் கேட்டு இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

> பெட்டி: ஈபி ஆபீஸில் என்ன நடக்கும்?
>
> 10 கிலோவாட் வரையான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் திருத்தப்பட்டன. அனுமதித்த லோடு குறைவாக இருந்தால் அதையும் உயர்த்த வேண்டும்.
>
> விண்ணப்பிக்கும் முன் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இணைப்பு ஓடும் வீடுகள் கிராமங்களில் ஏராளம். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் பொருந்தாவிட்டால் மானியம் நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு சோலாருக்கு வாருங்கள்.

தெருவில் அடுத்த வீடு

ஆசிரியர் கடைசியில் 2 கிலோவாட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆனால் இன்வெர்ட்டரை மட்டும் 3 கிலோவாட்டாகவே கேட்டு வாங்கினார். பின்னால் இரண்டு பேனல் சேர்த்தால் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டாம் என்பது அவர் கணக்கு. பிறகு சேர்க்கும் பேனலுக்கு அன்றைய மானிய விதி எப்படி இருக்குமோ தெரியாது என்று இளைஞர் எச்சரித்தாராம். அதை ஏற்றுக்கொண்டே முடிவு செய்தார். பணத்தை மூன்றாகப் பிரித்தார்: பொருள் இறங்கி சீரியல் எண் சரிபார்த்த பின் பெரும்பகுதி, வேலை முடிந்தபின் ஒரு பகுதி, மீட்டர் மாட்டி யூனிட் ஓடத் தொடங்கியபின் மீதி.

எதிர்வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது. பில் 1,175 ரூபாய், வருடத்துக்கு 7,050. அவர்களும் இதே இளைஞரிடம் 3 கிலோவாட் கேட்டிருந்தார்கள். 1,12,575 ரூபாய் போட்டு வருடம் 7,050 மிச்சம் பிடித்தால் பணம் திரும்ப 16 வருடம் ஆகும். அதற்குள் இன்வெர்ட்டர் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஒரே ஒரு கிலோவாட் போட்டால்? விலை 75,000, மானியம் 30,000, கையிலிருந்து 45,000. நிகரச் செலவு இரண்டு மாதத்துக்கு 155 யூனிட்டாக இறங்கி, பில் 129 ரூபாயாகும். வருடத்துக்குச் சுமார் 6,270 ரூபாய் மிச்சம். ஏழு வருடத்தில் பணம் திரும்பிவிடும். ஆசிரியர் இந்தக் கணக்கை ஒரு நோட்டுத் தாளில் எழுதி எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அந்தம்மா இப்போது இளைஞரிடம் கேட்டிருப்பது இரண்டு கொட்டேஷன்: ஒன்று 1 கிலோவாட்டுக்கு, இன்னொன்று 2-க்கு. இரண்டிலும் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுத்தில் வேண்டுமாம்.